புத்தகம் திரட்டும் அறிவிப்பை எழுதுவது எப்படி: ஏற்கும் வகைகள், சேகரிப்பு இடங்கள், கடைசி நாள்

ஓர் ஊரில், குடியிருப்பில் அல்லது சங்கத்தில் புத்தகம் திரட்டி ஒரு நூலகத்துக்கோ பள்ளிக்கோ கொடுக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அறிவிப்பைத்தான் முதலில் எழுதுகிறார்கள். "பழைய புத்தகங்களைத் தாருங்கள்" என்ற ஒரு வரியும் ஒரு தொலைபேசி எண்ணும் போதும் என்று நினைத்துத் தொடங்குகிற வேலை, மூன்றாம் வாரத்தில் யாருக்கும் உதவாத பாடநூல்களும் செல்லரித்த இதழ்களும் ஓர் அறையை நிறைத்துக் கிடக்கிற நிலையில் வந்து நிற்கிறது. அப்படிப்பட்ட ஒரு குவியலைத் தரம் பிரித்து, ஏற்க மறுத்தவரிடமிருந்து திரும்பப் பெற்று, கடைசியில் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்ட குழுவில் நானும் இருந்தேன். அறிவிப்பில் சொல்லாமல் விட்டது எதுவோ அதுதான் பெட்டியில் வந்து விழும் என்பதால், வெளியிடுவதற்கு முன் என்னென்ன முடிவாகியிருக்க வேண்டும், அவற்றை எப்படி எழுத வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. பெறுபவரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்

எந்த நூலகம், பள்ளி அல்லது விடுதி இந்தப் புத்தகங்களைப் பெறப்போகிறது என்பது முடிவாகாமல் அறிவிப்பை வெளியிடாதீர்கள். "திரட்டிவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்பது நடைமுறையில் நடப்பதில்லை. பெறும் இடத்துக்கு அலமாரி வேண்டும், பதிவேட்டில் ஏற்ற ஆள் வேண்டும்; இவை இல்லாத இடத்துக்கு ஐந்நூறு புத்தகங்களைக் கொண்டுபோய் இறக்குவது சுமையை இடம் மாற்றுவது மட்டுமே.

ஒப்புதல் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருந்தால் போதும். அதில் ஐந்து செய்திகள் இருக்க வேண்டும்: எந்த வயதினருக்கு எந்த மொழியில் புத்தகம் தேவை, ஏறத்தாழ எத்தனை, எவற்றை ஏற்க முடியாது, எந்த நாளில் எந்த நேரத்தில் பெற்றுக்கொள்வார்கள், பொருந்தாதவற்றை என்ன செய்யலாம். கடைசிச் செய்தியைப் பலர் கேட்பதே இல்லை. பெற்ற புத்தகங்களில் சிலவற்றை வேறு நூலகத்துக்குக் கொடுக்கவோ விற்கவோ மறுசுழற்சிக்கு அனுப்பவோ பெறுபவருக்கு உரிமை உண்டா என்பது முன்பே தெரிந்தால்தான், கொடுப்பவர்களிடம் அதை அறிவிப்பிலேயே சொல்ல முடியும். தம் தந்தையின் கையெழுத்திட்ட நூல் பழைய புத்தகக் கடையில் கிடப்பதைப் பார்க்கும் ஒருவருக்கு, முன்பே சொல்லாத விளக்கம் எதுவும் ஆறுதல் தராது.

இந்தக் கடிதம் கிடைக்கக் குறைந்தது இரண்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகக் குழு கூடித்தான் முடிவெடுக்கும் என்ற இடங்களில் ஒரு மாதமும் ஆகலாம். வாய்மொழியாகச் சரி என்று சொன்னவர் இடம் மாறிப் போய்விட்டால் அந்த ஒப்புதலும் அவருடனேயே போய்விடும் என்பதால், கையொப்பமிட்ட தாள் கைக்கு வரும்வரை நாள் குறிக்காதீர்கள்.

2. அலமாரியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

எத்தனை புத்தகம் வேண்டும் என்பது ஆசையைப் பொறுத்ததன்று, அலமாரியின் நீளத்தைப் பொறுத்தது. ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். இந்தக் கட்டுரை முழுவதும் இதே எடுத்துக்காட்டைத்தான் பயன்படுத்தப்போகிறேன்.

ஒரு தொடக்கப் பள்ளி நூலகத்தில் 90 செ.மீ. நீளமுள்ள 8 தட்டுகள் காலியாக உள்ளன. சிறுவர் கதைப் புத்தகத்தின் தடிமனைச் சராசரியாக 1 செ.மீ. என்று கொண்டால் ஒரு தட்டில் 90 அடங்கும். ஆனால் தட்டை முழுவதும் அடைத்துவிட்டால் சிறு கைகளால் உருவி எடுக்க முடியாது, புதிதாக வாங்குவதற்கும் இடம் இருக்காது. ஆகவே மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விட வேண்டும். தட்டுக்கு 60, மொத்தம் 480. வருவதில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும் என்று எதிர்பார்த்தால், 480 தேற 720 வர வேண்டும். அறிவிப்பு தெளிவாக இருந்தால் கழிவு இதைவிடக் குறையும். ஆனாலும் இடத்தையும் ஆளையும் திட்டமிடும்போது இந்த அளவையே வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

அடுத்தது எடை. சாதாரண அச்சுத் தாளில் ஏ4 அளவுத் தாள் ஒன்று 5 கிராம் இருக்கும். அதில் பாதி அளவுள்ள புத்தகத்தின் ஓர் இதழ் இரண்டரை கிராம். ஆக, 200 பக்கமுள்ள, அதாவது 100 இதழுள்ள புத்தகம் 250 கிராமும், அட்டையோடு சேர்த்து ஏறத்தாழ 300 கிராமும் இருக்கும். 720 புத்தகங்கள் என்றால் 216 கிலோ. இது ஒருவர் தம் காரின் பின்பகுதியில் ஏற்றிக்கொண்டு ஒரே நடையில் முடித்துவிடும் வேலையன்று என்பது இந்தக் கணக்கைப் போட்டதும் விளங்கிவிடும்.

பெட்டிக்கு நகல் எடுக்கும் தாள் கட்டுகள் வரும் அட்டைப் பெட்டியே மிகவும் ஏற்றது. இரண்டரை கிலோ கட்டுகள் ஐந்தைத் தாங்கவே அது செய்யப்பட்டிருப்பதால், 40 புத்தகம் வைத்தாலும் அடி பிரியாது. 12 கிலோ என்பது ஒருவர் முதுகைக் கெடுத்துக்கொள்ளாமல் தூக்கக்கூடிய எடையும்கூட. தொலைக்காட்சி, குளிர்பெட்டி போன்றவை வந்த பெரிய பெட்டிகள் கவர்ச்சியாகத் தோன்றும். நிறைந்த பிறகு அவற்றை நகர்த்த நான்கு பேர் வேண்டும், பாதி வழியில் அடி கழன்றுவிடும். நம் கணக்குக்கு 18 பெட்டிகள் தேவை.

3. ஏற்கும் வகைகளை வயதும் பயனும் தெரிய எழுதுங்கள்

அறிவிப்பில் அதிகக் கவனம் தேவைப்படுவது இந்தப் பகுதிக்குத்தான். "கதை, கட்டுரை, பொது அறிவு முதலியன" என்று எழுதினால், அந்த "முதலியன" வழியாக எல்லாமே உள்ளே வந்துவிடும். ஏற்பவற்றை மூடிய பட்டியலாகத் தர வேண்டும்: இவை மட்டும், வேறெதுவும் இல்லை. நம் எடுத்துக்காட்டில் பட்டியல் நான்கே வரிகள்: 5 முதல் 11 வயது வரையிலான குழந்தைகளுக்கான படக்கதைகள்; அதே வயதினருக்கான கதை, பாடல், விடுகதைப் புத்தகங்கள்; விலங்குகள், வானம், உடல், கைவேலை பற்றிய சிறுவர் அறிவு நூல்கள்; உள்ளே எதுவும் எழுதப்படாத சிறுவர் அகராதிகளும் நிலப்படப் புத்தகங்களும். எந்த மொழியில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வயதைக் குறிக்காமல் "சிறுவர் நூல்கள்" என்று மட்டும் எழுதினால், பதினாறு வயதினர் படிக்கும் துப்பறியும் நாவல்களும் குழந்தைகள் நூல் என்ற பெயரில் வரும். கொடுப்பவரைக் குறை சொல்ல முடியாது.

ஏற்காதவற்றையும் பெயர் சொல்லி எழுதுவது முரட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் கொடுப்பவர் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து நின்றபின் முகத்துக்கு நேரே மறுப்பதைவிட அது எவ்வளவோ நாகரிகமானது. எல்லாத் திரட்டலிலும் தவறாமல் வந்து சேர்பவை இவை:

- பாடத்திட்டம் மாறிய பாடநூல்கள், தேர்வு வழிகாட்டிகள், விடை எழுதப்பட்ட பயிற்சி நூல்கள். ஒரு குடும்பத்தில் பிள்ளை பள்ளிப்படிப்பை முடித்ததும் முதலில் வெளியேறுபவை இவையே. எண்ணிக்கையில் மிகுதியானவையும் இவையே. பாடநூலை ஏற்பதானால் எந்த வகுப்பு, எந்த ஆண்டுப் பதிப்பு என்று குறிக்க வேண்டும்; இல்லையென்றால் முழுவதுமாக விலக்கிவிடுங்கள்.
- பல தொகுதிகள் கொண்ட பழைய கலைக்களஞ்சியங்கள். தோற்றத்தில் கம்பீரமானவை என்பதால் கொடுப்பவர்கள் இவற்றைப் பெரிய கொடையாகக் கருதுவார்கள். ஒரு தொகுதி வரிசை இரண்டு தட்டுகளை அடைத்துக்கொள்ளும். அதில் நாடுகளின் பெயர்களும் எல்லைகளும் பழையவையாக இருக்கும். புளூட்டோவை ஒன்பதாவது கோளாகக் காட்டும் வானியல் பக்கம் 2006க்கு முந்தையது என்று உடனே சொல்லிவிடலாம்.
- காலாவதியான மருத்துவ, சட்ட, வரி, கணினி நூல்கள். இவை பயனற்றவை என்பதோடு தவறான வழி காட்டவும் கூடியவை. நூலகங்கள் தங்கள் தொகுப்பிலிருந்து நூல்களைக் கழிக்கும்போது மருத்துவ நூலுக்கு ஐந்து ஆண்டு என்ற வரம்பைப் பரவலாகப் பின்பற்றுகின்றன. பெரியவர்களுக்கான திரட்டலில் அதையே நீங்களும் எழுதலாம்.
- வார, மாத இதழ்கள், நாட்குறிப்பேடுகள், விளம்பரக் கையேடுகள், அழைப்பிதழ்க் கட்டுகள். நம்ப முடியாவிட்டாலும் வரும்.
- நகலெடுத்துக் கட்டிய புத்தகங்களும் திருட்டுப் பதிப்புகளும். பொது நூலகமோ பள்ளியோ இவற்றை அலமாரியில் வைப்பது பதிப்புரிமைச் சிக்கலை வரவழைக்கும்.

தனியே கவனிக்க வேண்டிய ஒரு வகை, வேறொரு நூலகத்தின் முத்திரை உள்ள புத்தகம். "கழிக்கப்பட்டது" என்ற முத்திரையும் அதனுடன் இருந்தால் அது முறையாக வெளியே வந்த நூல். அது இல்லையென்றால், எப்போதோ இரவல் வாங்கித் திருப்பாத நூலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதை எடுத்து அந்த நூலகத்துக்கே அனுப்புங்கள். "விற்பனைக்கு அன்று" என்று அச்சிட்ட மாதிரிப் பிரதிகளைச் சில நூலகங்கள் ஏற்கும், சில ஏற்கா. பெறுபவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. "நல்ல நிலை" என்பதைச் சோதனையாக மாற்றுங்கள்

"நல்ல நிலையில் உள்ள புத்தகங்கள் மட்டும்" என்று எல்லா அறிவிப்பிலும் இருக்கும். யாரையும் அது தடுத்ததில்லை. முப்பது ஆண்டு போற்றி வைத்திருந்த புத்தகம் அவரவர் கண்ணுக்கு நல்ல நிலையில்தான் இருக்கும். ஆகவே கொடுப்பவர் வீட்டிலேயே ஒரு நிமிடத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனைகளாக எழுதுங்கள்.

முதலில் மோந்து பார்ப்பது. புத்தகத்தை நடுவில் விரித்து மோந்தால் ஈர நெடி அடிக்கிறதா, பக்க ஓரங்களில் சாம்பல், பச்சை அல்லது கருநிறப் பொட்டுகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது பூஞ்சை. வெயிலில் காயவைத்தால் பூஞ்சை வளர்வது நிற்கும்; அதன் வித்துகள் தாளிலேயே தங்கி, ஈரம் பட்டதும் மறுபடி எழும். மூடிய பெட்டியில் இரண்டு வாரம் கிடக்கும்போது பக்கத்துப் புத்தகங்களுக்கும் பரவும் என்பதால், இந்த ஒன்றில் மட்டும் தயக்கமே கூடாது.

அடுத்து உதறிப் பார்ப்பது. வெள்ளைத் தாளின் மேல் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் பொடியோ மிளகுத்தூள் போன்ற சிறு எச்சங்களோ உதிர்கின்றனவா, அட்டையின் மேற்பரப்பு சுரண்டியது போல இருக்கிறதா, தாளில் ஊசித் துளைகள் உள்ளனவா என்று பாருங்கள். சுரண்டல் இராமபாணப் பூச்சியின் வேலை. துளை புத்தகப் புழுவின் வேலை. மண் ஒட்டிய வரிகள் கரையானைக் காட்டும். நூலகங்களில் அரிய நூல் என்றால் பையில் காற்றுப்புகாமல் மூடி, சுழியத்துக்குக் கீழே 20 பாகை குளிரில் ஒரு வாரம் வைத்துப் பூச்சியைக் கொல்வார்கள். திரட்டி வந்த சிறுவர் கதைப் புத்தகத்துக்கு அந்த உழைப்பு தகாது. ஏற்காமல் விடுவதே சரி.

மூன்றாவது, ஒரு பக்கத்தின் மூலையை மடித்துப் பார்ப்பது. முன்னும் பின்னுமாக ஓரிரு முறை மடித்ததும் மூலை ஒடிந்து கையோடு வந்தால், அந்தத் தாள் அமிலத்தால் நொறுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். தாள் மஞ்சளாவது மட்டும் குற்றமன்று, ஒடிவதுதான் குற்றம். பழமையான, மதிப்புள்ள நூல் என்று தோன்றினால் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம் என்றும் அறிவிப்பில் ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். அத்தகைய நூலைப் பற்றி உங்களிடம் தனியே பேசட்டும்.

இவற்றோடு, பக்கங்களுக்கிடையே பார்த்துவிட்டுத் தரும்படி கேளுங்கள். கடிதம், நிழற்படம், பணத்தாள், அடையாள அட்டை நகல், வங்கிச் சீட்டு ஆகியவை புத்தகங்களுக்குள் இருந்து வந்துகொண்டே இருக்கும். பெட்டியில் போடப்பட்ட புத்தகம் யாருடையது என்று தெரியாததால் பெரும்பாலானவற்றைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

5. சேகரிப்பு இடங்கள்: குறைவாக, கண்காணிப்போடு

அதிக இடங்கள் இருந்தால் அதிகப் புத்தகம் வரும் என்பது பாதி உண்மைதான். ஒவ்வோர் இடத்துக்கும் பெட்டி வைக்க, நிறைந்ததும் எடுக்க, கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். 720 புத்தகங்களுக்கு மூன்று இடங்கள் தாராளம். கூரைக்குக் கீழே இருப்பது, திறந்திருக்கும் நேரம் நிலையாக இருப்பது, பெட்டி ஒருவர் பார்வையில் இருப்பது ஆகிய மூன்றும் இல்லாத இடத்தை, எவ்வளவு வசதியான முச்சந்தியில் இருந்தாலும், விட்டுவிடுங்கள். ஆளில்லாத வாசலில் வைத்த பெட்டி ஒரே வாரத்தில் குப்பைத் தொட்டியாகிவிடும்.

இடம் தருபவரிடமிருந்தும் ஒரு தாளில் ஒப்புதல் வாங்குங்கள். கடையில் வேலை பார்ப்பவர் தலையசைத்ததை உரிமையாளரின் ஒப்புதலாக எடுத்துக்கொண்டால், அடுத்த வேளைக்கு வருபவர் பெட்டியைப் பின்கட்டில் ஒதுக்கிவைத்துவிட்டு, புத்தகத்தோடு வருபவரிடம் "அப்படி எதுவும் இங்கே இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிடுவார். பெட்டி எங்கே வைக்கப்படும், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை, எத்தனை பெட்டிக்கு இடம் உண்டு, நிறைந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும், பெட்டியை எப்போது கட்டாயம் எடுத்துவிடுவீர்கள் என்பவை அதில் இருக்கட்டும். இடம் தருபவர்கள் அஞ்சுவது கடைசிக் கேள்வியைப் பற்றித்தான். அதற்குத் தேதியோடு பதில் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

கொள்ளளவையும் கணக்கிட வேண்டும். புத்தகங்கள் நாள்தோறும் ஒரே அளவில் வருவதில்லை; ஏறத்தாழப் பாதி கடைசி இரண்டு நாட்களில்தான் வரும் என்று கொண்டு திட்டமிடுங்கள். 18 பெட்டிகளில் 9 பெட்டிகள் அந்த இரண்டு நாட்களில் மூன்று இடங்களுக்கும் வந்தால், ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 3 பெட்டிகள் நிற்க இடம் வேண்டும். முந்தைய நாட்களில் வந்தவை அதற்குள் அப்புறப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். ஆகவே வாரத்துக்கு இருமுறை எடுப்பது என்றும், கடைசி வாரத்தில் வெள்ளிக்கிழமை மாலை கட்டாயம் எடுப்பது என்றும் முன்பே பெயர் போட்டு ஆளை ஒதுக்கிவையுங்கள்.

அறிவிப்பில் இடத்தை எழுதும்போது பெயரும் தெருவும் போதா. எந்த வாசல், எந்த மாடி, யாரைக் கேட்க வேண்டும், எந்த நாளில் மூடியிருக்கும் என்பதையும் எழுதுங்கள். பத்துக் கிலோ சுமையோடு வருபவருக்கு வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பதும் தேவையான செய்தி. தன்னார்வலரின் வீட்டு முகவரியைச் சேகரிப்பு இடமாகப் பொதுவில் வெளியிடாதீர்கள். திரட்டல் முடிந்து பல மாதம் கழித்தும் இரவு ஒன்பது மணிக்கு அழைப்பு மணி அடிக்கும்.

6. கடைசி நாளை நாள், கிழமை, மணியோடு எழுதுங்கள்

"இந்த மாத இறுதிவரை" என்று எழுதக்கூடாது. அறிவிப்பு படமாகப் பரவும்போது எந்த மாதம், எந்த ஆண்டு என்பது யாருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டும் அது சுற்றிக்கொண்டிருக்கும். "2026 செப்டம்பர் 20, ஞாயிறு, மாலை 5 மணி" என்று ஆண்டும் கிழமையும் மணியும் சேர்த்து எழுதுங்கள். கிழமையை நாட்காட்டியில் பார்த்துச் சரிபாருங்கள்; தேதியும் கிழமையும் பொருந்தாத அறிவிப்பில் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்வார்கள்.

எத்தனை நாள் என்றால், மூன்று வார இறுதிகள் அடங்கிய பதினாறு நாட்கள் ஏற்றவை. எடுத்துக்காட்டில் செப்டம்பர் 5, சனிக்கிழமை தொடங்கி 20, ஞாயிறு முடிகிறது. முதல் வார இறுதியில் செய்தி பரவும், இரண்டாவதில் மக்கள் அலமாரியைப் பிரிப்பார்கள், மூன்றாவதில் கொண்டுவருவார்கள். இரண்டு மாதம் வைத்தால் புத்தகம் கூடாது. "இன்னும் நாள் இருக்கிறதே" என்ற எண்ணம்தான் கூடும். அறிவிப்பைத் தொடக்க நாளுக்குப் பத்து நாள் முன் வெளியிடலாம். அதைவிட முன்னதாக வெளியிட்டால், பெட்டி வைக்கும் முன்பே இடம் தருபவரின் வாசலில் பைகள் வந்து நிற்கும்.

எல்லா இடங்களுக்கும் கடைசி நாள் ஒன்றாகவே இருக்கட்டும். ஓரிடம் ஞாயிறு மூடியிருக்கும் என்றால், அதற்குத் தனித் தேதி கொடுப்பதைவிட அந்த இடத்தையே மாற்றிவிடலாம். பெறுபவரிடம் ஒப்படைக்கும் நாளைக் கடைசி நாளுக்கு அடுத்த நாளாக வைத்துவிடாதீர்கள். புத்தகத்துக்கு ஒரு நிமிடம் என்றாலும் 720 புத்தகங்களைத் தரம் பிரிக்க ஒருவருக்குப் பன்னிரண்டு மணி நேரம், நான்கு பேருக்கு மூன்று மணி நேரம் ஆகும். பெட்டி கட்டுவதும் பட்டியல் எழுதுவதும் அதற்குமேல். செப்டம்பர் 26 பிரித்து, அக்டோபர் 3 ஒப்படைப்பது என்பது நிதானமான திட்டம்.

நாளை நீட்டிக்கும்படி கேட்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். என் கருத்தில், நீட்டிக்கவே கூடாது. இடம் தந்தவருக்குக் கொடுத்த வாக்கு ஒருபுறம் இருக்க, ஒருமுறை நீட்டித்த தேதியை அடுத்த திரட்டலில் யாரும் மதிப்பதில்லை.

7. செலவை முன்பே பிரித்துக்கொள்ளுங்கள்

பெட்டிகளை அலுவலகங்களிலும் நகலகங்களிலும் கேட்டால் இலவசமாகவே கிடைக்கும். பணம் கொடுத்து வாங்க வேண்டியவை ஒட்டுநாடா, அச்சிட்ட அறிவிப்புத் தாள்கள், பெட்டி மீது ஒட்டும் தாள்கள், வண்டி வாடகை ஆகியவை. பெரும்பகுதி வண்டிக்கே போகும். ஏற்றவும் இறக்கவும் ஆள்கூலி வாடகையில் அடங்குமா, பள்ளியில் மாடி ஏற வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். கழித்த 240 புத்தகங்களை மறுசுழற்சிக்கு எடுத்துச்செல்லும் நடையையும் கணக்கில் சேருங்கள். இந்தச் செலவுக்காக அதே அறிவிப்பில் பணமும் கேட்காதீர்கள். புத்தகம் கொடுக்க வந்தவர் சந்தேகத்தோடு திரும்பிப் போவார், கணக்கு காட்டும் பொறுப்பும் உங்கள் தலையில் விழும். வரிச்சலுகைக்கான ரசீது தருவதாகவும் வாக்களிக்காதீர்கள். அதைத் தரும் தகுதி உள்ள அமைப்பு பெற்றால் மட்டுமே அந்தப் பேச்சை எடுக்கலாம்.

8. அறிவிப்பின் முழு வடிவம்

மேலே முடிவு செய்த அனைத்தையும் ஒரே பக்கத்தில் இப்படி எழுதலாம். பெயர்களையும் முகவரிகளையும் உங்களுடையவையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

> 5 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கான புத்தகங்கள் தேவை
>
> எங்கள் பகுதித் தொடக்கப் பள்ளியின் நூலகத்துக்காகச் சிறுவர் புத்தகங்களைத் திரட்டுகிறோம்.
>
> நாள்: 2026 செப்டம்பர் 5, சனி, காலை 10 மணி முதல் செப்டம்பர் 20, ஞாயிறு, மாலை 5 மணி வரை. அதற்குப் பிறகு எந்த இடத்திலும் பெறப்படாது.
>
> இவை மட்டும் ஏற்கப்படும் (தமிழ், ஆங்கிலம்): படக்கதைகள், சிறுவர் கதை, பாடல், விடுகதை நூல்கள், சிறுவர் அறிவு நூல்கள், சிறுவர் அகராதி, நிலப்படப் புத்தகம்.
>
> இவை ஏற்கப்பட மாட்டா: பாடநூல், தேர்வு வழிகாட்டி, எழுதிய பயிற்சி நூல், கலைக்களஞ்சியத் தொகுதிகள், இதழ்கள், நகலெடுத்த நூல்கள், பெரியவர்களுக்கான நூல்கள்.
>
> தருமுன் பாருங்கள்: ஈர நெடி, பொட்டு, பூச்சித் துளை, கழன்ற பக்கம் இருந்தால் தர வேண்டாம். பக்கங்களுக்கிடையே கடிதம், படம், பணம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.
>
> சேகரிப்பு இடங்கள்: (1) பொது நூலகம், தரைத்தளம், வரவேற்பு மேசை, நாள்தோறும் 10 முதல் 6 வரை. (2) குடியிருப்புச் சங்க அலுவலகம், கிழக்கு வாசல். நாள்தோறும் 9 முதல் 7 வரை. (3) மருந்துக்கடை, கல்லாவுக்கு இடப்புறம். நாள்தோறும் 9 முதல் 9 வரை. கடைசி நாளில் மூன்று இடங்களிலும் மாலை 5 மணியோடு முடியும். மூடியிருக்கும் நேரத்தில் வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டாம்.
>
> 20 புத்தகங்களுக்கு மேல் இருந்தால் முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள் (மாலை 6 முதல் 8 வரை).
>
> தரப்பட்ட நூல்கள் திரும்பக் கொடுக்கப்படமாட்டா. பள்ளிக்குப் பொருந்தாதவை வேறு நூலகத்துக்கோ மறுசுழற்சிக்கோ அனுப்பப்படும்.

தலைப்பில் "பழைய" என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள்; அது இருந்தால் அதற்குக் கீழே எழுதிய எதையும் பலர் படிப்பதில்லை. இருபது புத்தக வரம்பு, காலமான ஒருவரின் முழு நூல் தொகுப்பும் முன்னறிவிப்பின்றி வந்து இறங்குவதைத் தடுப்பதற்கானது. அப்படி அழைப்பவரிடம் பட்டியலோ அலமாரியின் படமோ கேட்டுப் பார்த்து, பள்ளிக்கு ஏற்றவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு ஏற்ற வேறு நூலகத்தைச் சொல்லலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படத்தோடு எழுத்து வடிவத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். ஆனால் நாளும் இடமும் படத்திலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் மற்றவர்கள் படத்தை மட்டும்தான் முன்னனுப்புவார்கள். ஏற்கும், ஏற்காத பட்டியல்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒட்டுங்கள். அறிவிப்பைப் பார்க்காமலே பெட்டியைப் பார்த்துக் கொடுப்பவர்களும் இருப்பார்கள்.

9. கடைசி நாள் மாலையிலும் அதன் பிறகும்

செப்டம்பர் 20 மாலை ஐந்து மணிக்கு மூன்று இடங்களுக்கும் ஆள் போய்ப் பெட்டியை எடுக்கும்போதே, சுவரில் ஒட்டிய அறிவிப்பையும் எடுத்துவிட்டு, "திரட்டல் முடிந்தது, புத்தகங்களை இங்கே வைக்க வேண்டாம்" என்ற தாளை ஒட்ட வேண்டும். அது இரண்டு வாரமாவது அங்கே இருக்கட்டும். முதல் அறிவிப்பை அனுப்பிய எல்லாக் குழுக்களுக்கும் அன்றிரவே முடிவு அறிவிப்பை அனுப்புங்கள்.

ஒப்படைக்கும்போது பெட்டி எண், ஒவ்வொன்றிலும் உள்ள புத்தக எண்ணிக்கை, மொத்தம் ஆகியவை எழுதிய தாளை இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோய், பெறுபவரின் கையொப்பமும் தேதியும் வாங்கி ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வந்தவை எத்தனை, பள்ளிக்குப் போனவை எத்தனை, கழிந்தவை எத்தனை, அவை எங்கே போயின என்பதை நான்கு வரியில் எழுதி, இடம் தந்த மூவருக்கும் தனித்தனியே அனுப்புங்கள். அடுத்த முறை பெட்டி வைக்க அவர்களிடம்தான் மறுபடி போய்க் கேட்க வேண்டியிருக்கும்.